28ஆம் வாரத்தில் வரும் லிஃப்டை 4ஆம் வாரத்திலேயே முடிவுசெய்வது ஏன்?

சிங்கப்பூரின் தேக்காவில் பழைய ஈரடுக்குக் கடைவீடு ஒன்றைச் சீரமைத்து, அதில் பரதநாட்டியப் பள்ளி நடத்த ஒரு குழு முடிவெடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி முதல் வாரத்தில் வேலை தொடங்குகிறது. 40 வாரத்தில், அக்டோபர் தொடக்கத்தில், கட்டடத்தை ஒப்படைக்க வேண்டும். விஜயதசமியன்று பிள்ளைகளுக்குப் புதிய இடத்தில் முதல் பாடம் தொடங்குவது என்று தீர்மானமாகிவிட்டது. மொத்தச் செலவு 900,000 வெள்ளி, அதற்கு மேல் எதிர்பாராதவற்றுக்கு 90,000 வெள்ளி இருப்பு.

முதல் கூட்டத்தில் திட்டமிடும் பொறியாளர் வேலை அட்டவணையை, அதாவது புரோகிராமை, விரிக்கிறார். முதல் ஆறு வாரத்துக்குக் கிட்டத்தட்ட 70 வரிகள் இருக்கின்றன. சாரம் கட்டுவது, பழைய தடுப்புகளை உடைப்பது, குப்பை அள்ளுவது என ஒவ்வொன்றுக்கும் யார், என்று, எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பின் வரும் 34 வாரத்துக்கு மொத்தம் பதினொரு பட்டைகள்தான். 'மேல்தள மரவேலை', 'கூரை', 'மின்வேலை', 'லிஃப்ட்' என்று பெரிய பெரிய பெயர்கள். நடன ஆசிரியை கேட்கிறார்: "தம்பி, மிச்சத்த எப்ப எழுதப் போறீங்க?" பொறியாளர் சொல்கிறார்: "ஒவ்வொண்ணுக்கும் ஒரு தேதி போட்டிருக்கேன் டீச்சர். அந்தத் தேதிக்குள்ள அத விரிச்சு எழுதணும்."

இந்த முறைக்கு ரோலிங் வேவ் பிளானிங் என்று பெயர். அருகில் இருக்கும் வேலையை நுணுக்கமாகவும் தொலைவில் இருப்பதைப் பருமனாகவும் எழுதிவைத்து, காலம் நகர நகரப் பருமனானதை விரித்துக்கொண்டே போவது. பலரும் இதை "மூன்று மாதத்துக்கு விவரம் போடு, மிச்சத்தை அப்புறம் பார்" என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படிப் புரிந்துகொண்ட திட்டங்கள்தான் பெரும்பாலும் தடுமாறுகின்றன. பொறியாளர் சொன்ன அந்தத் தேதியில்தான் முறையின் உயிர் இருக்கிறது. ஒரு வேலை அருகில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்பதை அது சைட்டில் தொடங்கும் நாளை வைத்து அளக்கக் கூடாது. அதைப் பற்றி முடிவெடுத்தே ஆக வேண்டிய நாளை வைத்து அளக்க வேண்டும்.

லிஃப்டை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் லிஃப்டைப் பொருத்தும் வேலை 28ஆம் வாரத்தில் தொடங்குகிறது. பொருத்த 6 வாரம். சோதனை, கட்டட, கட்டுமான ஆணையத்தின் லிஃப்ட் இயக்க அனுமதி ஆகியவற்றுக்கு 4 வாரம். 38ஆம் வாரத்தில் லிஃப்ட் தயார். இரண்டு வாரம் மிச்சம் வைத்து 40இல் ஒப்படைப்பு. பார்க்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் ஆர்டர் கொடுத்த பின் தொழிற்சாலையில் செய்து கப்பலில் வந்து சேர 20 வாரம் ஆகும் என்று விற்பனையாளர் சொல்கிறார். ஆர்டருக்கு முன் தயாரிப்புக்கான விரிவான வரைபடமான ஷாப் டிராயிங்கை வரைந்து, அளவுகளைச் சரிபார்த்து, ஒப்புதல் வாங்க 4 வாரம். 28இலிருந்து 24ஐக் கழித்தால் 4. அதாவது, ஐந்தரை மாதம் கழித்துச் சைட்டுக்கு வரப்போகும் லிஃப்டின் கூண்டு அளவு, குழி ஆழம், கதவு திறக்கும் பக்கம், மின்தேவை எல்லாம் 4ஆம் வாரம் முடிவதற்குள் தீர்ந்திருக்க வேண்டும். புரோகிராமில் அது வலது ஓரத்தில் இருந்தாலும் அது முதல் ஆறு வாரத்து வேலை.

'மூன்று மாதத்துக்கு விவரம்' என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றும் ஒருவர் லிஃப்டைப் பருமனான பட்டையாகவே விட்டுவைத்து, 14ஆம் வாரத்தில் விரித்தார் என்று பாருங்கள். 14உடன் 24ஐக் கூட்டினால் 38. அப்போதுதான் லிஃப்டே சைட்டுக்கு வருகிறது. பொருத்தி முடிக்க 44, அனுமதி கிடைக்க 48, ஒப்படைப்பு 50ஆம் வாரம். டிசம்பர் நடுப்பகுதி. விஜயதசமி போயே போய்விட்டது. இதில் யாரும் வேலையைத் தவறாகச் செய்யவில்லை என்பதுதான் வருத்தம். 14ஆம் வாரம் வரை புரோகிராமில் ஒரு வரிகூடத் தாமதம் காட்டியிருக்காது.

இன்னொன்றும் உண்டு. ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கினால் 4ஆம் வாரம் ஜனவரி கடைசியில் விழுகிறது. சீனப் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த நேரத்தில் தொழிற்சாலைகளும் துணை ஒப்பந்தக்காரர்களும் விடுமுறையில் இருப்பார்கள். 4ஆம் வாரத்தைத் தவறவிட்டால் இழப்பு ஒரு வாரத்தோடு நிற்காது. ஆகவே நல்ல பொறியாளர் அந்தத் தேதியை 3ஆம் வாரத்துக்கே இழுத்துவைப்பார்.

இனிதான் கடினமான பகுதி. தொலைவில் இருப்பதைப் பருமனாக விடுவதற்குக் காரணம் சோம்பல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையான காரணம், தெரியாததை எழுதினால் அது திட்டமாக இருக்காது, கற்பனையாகத்தான் இருக்கும் என்பது. கடைவீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா 1989இல் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்பு வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. இங்குள்ள கடைவீடுகளின் மேல்தளம் பெரும்பாலும் மர விட்டங்களின் மேல் நிற்கிறது. அந்த விட்டங்களின் இரு முனைகளும் பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் செங்கல் சுவருக்குள் புதைந்திருக்கும். சுவரில் ஏறும் ஈரம் முனையை உளுத்துப்போக வைக்கும், கரையானும் அங்கேதான் நுழையும். இதெல்லாம் கீழ்த்தளத்துக் கூரைப் பலகைக்கு மேலே மறைந்திருப்பதால், பலகையைப் பிரிக்கும்வரை எத்தனை விட்டம் நல்லது, எத்தனை கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. 'விட்டம் எண் 17, முனை வெட்டி இணைத்தல், இரண்டு நாள்' என்று ஜனவரியிலேயே எழுதிவைத்தால், அந்த நுணுக்கம் படிப்பவரை ஏமாற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

அதனால் நம் புரோகிராமில் 'மேல்தள மரவேலை' ஒரே பட்டை. 12ஆம் வாரம் முதல் 14 வரை, 60,000 வெள்ளி. திட்ட மேலாண்மைத் துறையில் இப்படிப்பட்ட பருமனான தொடக்க மதிப்பீட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் வரம்பு, 25 சதவீதம் குறையலாம், 75 சதவீதம் கூடலாம் என்பது. நம் கணக்கில் 45,000 முதல் 105,000 வரை. 60,000 என்ற எண்ணை மட்டும் குழுவிடம் சொல்லி, வரம்பைச் சொல்லாமல் விடுவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். கேட்டவர்கள் அந்த ஒரே எண்ணைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் லிஃப்டும் மரத்தளமும் ஒன்றையொன்று தொடுகின்றன. லிஃப்ட் செல்லும் வழி மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது. அதற்காகச் சில விட்டங்களை வெட்டி, வெட்டிய முனைகளை இரும்புச் சட்டத்தில் தாங்க வேண்டும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. அங்குள்ள விட்டங்களே உளுத்திருந்தாலோ, லிஃப்ட் குழி தோண்டும் இடத்தில் பக்கத்துச் சுவரின் அடித்தளம் நினைத்ததைவிட மேலே இருந்தாலோ, இடத்தை நகர்த்தித் திருத்திய வரைபடத்தைச் சமர்ப்பிக்க வேண்டிவரும். கூரைப் பலகையைப் பிரிப்பது 7ஆம் வாரத்தில். லிஃப்ட் முடிவு 4ஆம் வாரத்தில். முடிவுக்குத் தேவையான தகவல் முடிவுக்குப் பின்னால் வருகிறது.

பருமனான பட்டைக்குள் இப்படி ஒரு முடிச்சு ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுதான் திட்டமிடுபவரின் முதல் வேலை. தேடும் வழி எளிது. ஒவ்வொரு பட்டைக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுத வேண்டும். அதை விரிக்க என்ன தெரிந்திருக்க வேண்டும், அது எப்போது தெரியவரும், விரிப்பதற்குக் கடைசித் தேதி எது. இரண்டாவது தேதி மூன்றாவதற்குப் பின்னால் விழுந்தால் முடிச்சு இருக்கிறது என்று அர்த்தம். நம் கடைவீட்டில் அதை அவிழ்க்கும் வழி, தகவலை முன்னதாக வாங்குவது. முழுக் கூரைப் பலகையையும் பிரிக்க வேண்டியதில்லை. லிஃப்ட் வரும் இடத்தில் மட்டும் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் பலகையை 2ஆம் வாரத்தில் பிரித்துப் பார்க்கலாம். சுவரோரம் ஒரு சோதனைக் குழி தோண்டி அடித்தளம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கட்டமைப்புப் பொறியாளரைப் பார்க்கச் சொல்லலாம். இரண்டு மூன்று நாள் வேலை. மரவேலை பருமனாகவே இருக்கட்டும், அதில் லிஃப்ட் தொடும் நாலு சதுர மீட்டர் மட்டும் நுணுக்கமாகிவிடுகிறது.

சிங்கப்பூர் தன் நிலத்தைத் திட்டமிட்ட விதத்திலும் இதே தர்க்கத்தைப் பார்க்கலாம். 1971இன் கருத்துருத் திட்டம் நகர் முழுவதற்கும் பருமனான கோடுகளைத்தான் போட்டது. விரைவுச் சாலைகள், ரயில் தடம், புதுநகரங்கள் எங்கே அமையலாம் என்ற அளவில் அது நின்றது. எம்ஆர்டி கட்டுவது என்ற முடிவு நீண்ட விவாதத்துக்குப் பிறகு 1982இல்தான் வந்தது. முதல் ரயில் 1987 நவம்பர் 7இல் ஓடியது. எந்த நிலையத்துக்கு எத்தனை வாசல் என்று 1971இல் யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பயன்பட்டிருக்காது. ஆனால் தடம் செல்லக்கூடிய நிலத்தில் வேறு கட்டடங்கள் எழும்பிவிட்டால் பிறகு திரும்பப் பெற முடியாது என்பதால், அந்த ஒன்றை மட்டும் முன்கூட்டியே கவனித்தாக வேண்டியிருந்தது. இன்றும் நீண்டகாலத் திட்டம் பல பத்தாண்டுகளைப் பருமனாகப் பார்க்கிறது. பெருந்திட்டம் அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளை நிலத்துண்டு நிலத்துண்டாகப் பார்க்கிறது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யப்படுகிறது.

கடைவீட்டுக்குத் திரும்புவோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரோகிராம் உருள்கிறது. முடிந்த இரண்டு வாரம் பின்னால் போக, முன்னால் புதிதாக இரண்டு வாரம் விவர எல்லைக்குள் வருகிறது. உள்ளே வரும் வேலை ஒவ்வொன்றும் ஐந்து வேலைநாளுக்கு மிகாத துண்டுகளாக உடைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் பொறுப்பாளி ஒருவர் இருக்க வேண்டும். 'பொருள் வந்துவிட்டதா, வரைபடம் ஒப்புதல் ஆனதா, ஆள் இருக்கிறதா, பர்மிட் இருக்கிறதா, முந்தைய வேலை முடிந்து இடம் காலியாகிறதா' என்ற கேள்விகளுக்கு, இன்னும் ஆறு வாரம் கையில் இருக்கும்போதே பதில் தேட வேண்டும். 1990களில் கட்டுமான மேலாண்மை ஆய்வாளர்களான கிளென் பல்லார்டும் கிரெக் ஹவலும் கட்டுமானத் தளங்களைக் கவனித்தபோது, 'இந்த வாரம் முடிப்போம்' என்று எழுதிய வேலைகளில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் உண்மையில் முடிகிறது என்று கண்டார்கள். பெரும்பாலும் தொழிலாளியின் வேகம் காரணமாக இருக்கவில்லை. வேலை தொடங்க வேண்டிய காலையில் ஏதோ ஒன்று தயாராக இருப்பதில்லை. சைட்டில் காலை டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்து, பொருள் வராமல் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்த் தொழிலாளர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

7ஆம் வாரத்தில் கூரைப் பலகை முழுவதும் பிரிக்கப்படுகிறது. 44 விட்டங்களில் 13இன் முனைகள் உளுத்திருக்கின்றன. இப்போது 'மேல்தள மரவேலை' என்ற பட்டையை விரிக்கலாம். எந்த விட்டத்தை முழுதாக மாற்றுவது, எதன் முனையை மட்டும் வெட்டி இரும்புத் தகடு கொடுத்து இணைப்பது, எந்த வரிசையில் முட்டுக்கொடுப்பது என்று கட்டமைப்புப் பொறியாளர் குறித்துக்கொடுக்கிறார். கூட்டிப் பார்த்தால் 84,000 வெள்ளி, மூன்று வாரத்துக்குப் பதில் ஐந்து வாரம்.

இந்த இடத்தில் தவறு செய்யப் பெரிய ஆசை வரும். பட்டை மூன்று வாரம் என்று ஏற்கெனவே எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. அதனால் விரித்த வேலைகளை நசுக்கி, மூன்று வாரத்துக்குள் திணிக்கலாம் என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை ஆள் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத் தளங்களுக்கு சனி இரவு 10 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை வேலைத் தடை உண்டு. தேக்காவில் அந்த எல்லைக்கு வெளியே சைட் கிடைப்பது அரிது. ஆகவே ஞாயிறு என்பது கையில் இல்லாத நாள். திணித்த திட்டத்தை அடையாளம் காண்பது சுலபம். விரித்த வேலைகளின் கடைசி வரி, பழைய பட்டை முடிந்த அதே நாளில் துல்லியமாக முடியும். உண்மையாக மறுமதிப்பீடு செய்தால் அப்படிப் பொருந்துவது அபூர்வம். எல்லாப் பட்டைகளும் அப்படிப் பொருந்தினால் யாரும் மதிப்பிடவில்லை, பழைய எண்ணைப் பங்குபோட்டிருக்கிறார்கள்.

நேர்மையான வழி இது. 60,000 வெள்ளி, மூன்று வாரம் என்ற பழைய பதிவு அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்தில் புதிய எண், தேதி, காரணம். கூடுதலான 24,000 வெள்ளியை 90,000 வெள்ளி இருப்பிலிருந்து எடுத்ததாகக் குறிப்பு. மரவேலை 14க்குப் பதில் 16ஆம் வாரத்தில் முடிகிறது. லிஃப்ட் 28இல்தான் வருகிறது என்பதால் அதைத் தாங்கும் சட்டத்துக்கு இடம் இருக்கிறது. கூரை வேலை அதே சாரத்தைப் பயன்படுத்தினால் சாரத்தின் வாடகை இரண்டு வாரம் கூடும், அதையும் எழுத வேண்டும். விரிப்பது என்பது பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதும் உரிமை ஆகாது. ஒவ்வொரு உருட்டலிலும் பழையதை அழித்துவிட்டால் புரோகிராம் எப்போதும் நேரத்துக்கு நடப்பதுபோலவே தெரியும், கடைசி மாதம் வரை. முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டத்தோடும் செலவோடும் ஒப்பிட, அரசாங்கப் பெரும் ஒப்பந்தங்களில் பயன்படும் ஈட்டிய மதிப்புக் கணக்கு முறையிலும், நடந்து முடிந்த காலத்தையும் கிட்டத்தில் நடக்கவிருக்கும் காலத்தையும் பூட்டிவைத்து, அதற்கு அப்பால் உள்ளதை மட்டுமே திருத்த விடுவது இதனால்தான்.

இருப்பு எவ்வளவு என்பதைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. இன்னும் விரிக்காத பட்டைகளின் மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும். தொடக்கத்தில் விரிக்காதவை 480,000 வெள்ளி, இருப்பு 90,000. ஏறக்குறைய 19 சதவீதம். மரவேலையும் வேறு சில பட்டைகளும் விரிந்த பிறகு விரிக்காதவை 350,000, இருப்பு 66,000. இதுவும் ஏறக்குறைய 19 சதவீதம்தான். 24,000 வெள்ளி போனது பயமாகத் தெரிந்தாலும், தெரியாதவையும் அதே வீதத்தில் குறைந்திருக்கின்றன. மாறாக, அடுத்த உருட்டலில் விரிக்காதவை 300,000ஆக இருக்க, இருப்பு 30,000ஆக இறங்கியிருந்தால், குழு அன்றே உட்கார்ந்து எதைக் குறைப்பது என்று பேச வேண்டும். 35ஆம் வாரத்தில் பேசினால் குறைப்பதற்குக் கண்ணாடியும் நடன மேடையின் மரத்தளமும்தான் மிஞ்சியிருக்கும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு எண், விரிக்கக் கடைசித் தேதி கடந்தும் விரிக்கப்படாத பட்டைகள் எத்தனை என்பது. அது பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிறது என்றால், பருமனான வேலைகள் ஒட்டுமொத்தமாக வலப்பக்கம் தள்ளப்படுகின்றன. ஒப்படைப்புத் தேதி மட்டும் நகராமல், கடைசிப் பத்து வாரத்தில் எல்லாம் குவியும். அந்தக் குவியல் வரைபடத்தில் தெரிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒப்பந்தமும் இதற்கு இடம்கொடுக்க வேண்டும். மொத்தத் தொகை ஒப்பந்தத்தில் ஒப்பந்தக்காரர் எல்லா வேலைக்கும் ஒரே விலை சொல்லிவிடுகிறார். மரவேலையையும் அதற்குள் அடைத்தால், தெரியாத விட்டங்களுக்காக அவர் விலையை ஏற்றிவைப்பார், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு கூடுதல் வேலைக்குப் பணம் கேட்கும் வேரியேஷன் ஆர்டருக்காகச் சண்டையிடுவார். அதனால் இத்தகைய வேலைகளை 'புரொவிஷனல் சம்' என்று தற்காலிகத் தொகையாகத் தனியே வைப்பது வழக்கம். திறந்து பார்த்த பின் அளந்து, ஒப்புக்கொண்ட வீதத்தில் கணக்கு முடிக்கலாம். புரோகிராமில் பருமனாக இருக்கும் பட்டைக்கு ஒப்பந்தத்தில் நிலையான விலை இருந்தால், அந்த இரண்டு ஆவணங்களில் ஒன்று பொய் சொல்கிறது. டெண்டர் கட்டத்திலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இந்த முறை எல்லா வேலைக்கும் வேண்டியதில்லை. எட்டு வாரத்தில் முடியும் வீவக வீட்டுப் புதுப்பிப்புக்கு, அதே ஆட்கள் அதே வேலையை நூறு முறை செய்தவர்கள் என்றால், முதல் நாளே முழுவதையும் எழுதிவிடலாம். அங்கே பருமனாக விடுவது வெறும் தள்ளிப்போடல்தான். நம் கடைவீட்டிலும் 34ஆம் வாரத்துக்குப் பின் பருமனான பட்டை எதுவும் இருக்கக் கூடாது. தீயணைப்புச் சோதனை, குடிமைத் தற்காப்புப் படையின் சான்றிதழ், தற்காலிகக் குடியேற்ற அனுமதிக்கான ஆய்வு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்றில் சிறு குறை கண்டுபிடிக்கப்பட்டாலும் திருத்தி மறுபடி அழைக்க நாள் பிடிக்கும். அந்த ஆறு வாரத்தை எந்த நாளில் யார் வந்து எதைப் பார்ப்பார்கள் என்ற அளவில் எழுதிவைத்துக்கொண்டால், விஜயதசமிக்கு எத்தனை நாள் மிச்சம் என்று ஆசிரியைக்கு அப்போது ஒரே எண்ணாகச் சொல்லலாம். ஜனவரியில் அவருக்குச் சொல்ல முடிந்தது, ஒப்படைப்பு செப்டம்பர் கடைசிக்கும் நவம்பர் தொடக்கத்துக்கும் இடையில் என்ற வரம்பு மட்டுமே.